அந்த ஊதுபத்தி ஏன் அணையக்கூடாது? ஜப்பானின் நாற்பத்தொன்பதாம் நாள் வழிபாடு

பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் இறந்துபோனார். எரியூட்டல் முடிந்த அன்று மாலையே அஸ்திக் கலசம் வீட்டுக்கு வந்துவிட்டது. நம் ஊரில் அஸ்தியை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிட்டுத்தான் மறுவேலை. இங்கே ஜப்பானின் சைத்தாமாவில், கூடத்தின் ஒரு மூலையில் வெள்ளைத் துணி விரித்த படிமேடை ஒன்றை அமைத்து, மேல் படியில் கலசத்தை வைத்தார்கள். பக்கத்தில் அவருடைய படம், வர்ணம் பூசாத வெள்ளை மரத்தில் ஒரு சின்னப் பெயர்ப்பலகை, முன்னால் ஒரு கிண்ணம் சோறு, தண்ணீர், மெழுகுவத்தி. கீழ்ப்படியில் கொசுவத்திச் சுருளைப் போலவே வட்டமாகச் சுருண்ட ஓர் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

துக்கம் கேட்கப் போன எனக்கு அந்தச் சுருள்தான் கண்ணில் பட்டது. சாதாரண ஊதுபத்தி அரை மணி நேரத்தில் எரிந்துவிடும். இந்தச் சுருள் ராத்திரி முழுக்க எரியும். "தூங்கும்போதும் புகை அறுபடக்கூடாது, அதனால்தான் இது" என்றார் அந்த அம்மா. எத்தனை நாளுக்கு என்று கேட்டேன். "ஷிஜூகுநிச்சி வரைக்கும்" என்றார். ஷிஜூகு என்றால் நாற்பத்தொன்பது, நிச்சி என்றால் நாள்.

புத்த மரபில் இறந்தவருக்காகச் செய்யும் நாற்பத்தொன்பதாம் நாள் வழிபாடு சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம், திபெத் என்று பல இடங்களில் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் முறை வேறு. நான் கிட்ட இருந்து பார்த்தது ஜப்பானில், சோத்தோ என்ற ஜென் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில். அதை வைத்தே சொல்கிறேன். அந்தச் சுருள் ஊதுபத்தியிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

வாசனையை உண்பவர்

இறந்த கணத்துக்கும் அடுத்த பிறவிக்கும் நடுவில் ஓர் இடைநிலை உண்டு என்று பழைய இந்தியப் புத்தப் பள்ளிகளில் சில நம்பின. சமஸ்கிருதத்தில் அதற்கு அந்தராபவம் என்று பெயர். இன்றைய பெஷாவர்ப் பகுதியில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் வசுபந்து, தம் அபிதர்மகோசத்தில் இதை விரிவாகப் பேசுகிறார். அந்த நிலையில் இருப்பவருக்கு மெல்லிய உடல் ஒன்று உண்டு. அதால் சோறு உண்ண முடியாது, வாசனையைத்தான் உண்ணும். அதனால் அவருக்குக் கந்தர்வர் என்றும் ஒரு பெயர். கந்தம் என்றால் வாசனை என்பது நமக்கும் தெரிந்ததுதான். நல்வினை உள்ளவருக்கு நல்ல மணமும் மற்றவருக்குக் கெட்ட நாற்றமும் உணவாகும் என்கிறது அந்த நூல்.

ஆக, அந்தச் சுருள் ஊதுபத்தி சாப்பாடு. படிமேடையில் சோறும் வைக்கிறார்கள்தான், ஆனால் அதிலிருந்து எழும் ஆவியும் மணமும்தான் அவருக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கிறார்கள். காலையில் ஆறிய சோற்றை எடுத்துவிட்டுச் சூடான சோறு வைக்கும்போது அந்த அம்மா கிண்ணத்தைப் படத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கமாக நகர்த்துவார். ஆவி அந்தப் பக்கம் போகவேண்டும் என்று.

சரி, இந்த இடைநிலை எத்தனை நாள்? வசுபந்து காலத்திலேயே இதில் ஒரே கருத்து இல்லை. வரம்பே கிடையாது என்றார் ஒருவர். ஏழு நாள் என்றார் இன்னொருவர். ஏழு ஏழாக நாற்பத்தொன்பது நாள் என்றார்கள் வேறு சிலர். மிகக் குறுகிய நேரம்தான் என்பதும் ஒரு கட்சி. பிற்பாடு கிழக்காசியாவில் வேரூன்றியது ஏழேழு நாற்பத்தொன்பது என்ற கணக்கு. இடைநிலையில் இருப்பவருக்குத் தகுந்த பிறவி ஏழு நாளுக்குள் அமையாவிட்டால் அவர் அந்த நிலையிலேயே ஒருமுறை மடிந்து மீண்டும் எழுவார். அப்படி ஏழு முறை வரை நடக்கலாம். அதற்குள் எங்காவது பிறந்தே தீரவேண்டும். ஒவ்வோர் ஏழாம் நாளும் ஒரு திருப்பம். வழிபாடுகள் ஏழு நாளுக்கு ஒன்றாக வருவதன் காரணம் இதுதான். அவர் எந்தப் பக்கம் போவார் என்பது அசையும் அந்த நாளில், இங்கே இருப்பவர்கள் அவர் பெயரில் ஒரு நன்மை செய்கிறார்கள்.

இலங்கை, தாய்லாந்து, மியான்மர் ஆகிய நாடுகளின் தேரவாத மரபு இந்த இடைநிலையை ஏற்பதில்லை. இறந்த மறுகணமே அடுத்த பிறவி என்பது அவர்கள் கொள்கை. அதனால் இலங்கையில் சிங்களப் புத்த வீடுகளில் ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஓராண்டு என்று தானம் நடக்கும். நாற்பத்தொன்பதாம் நாளுக்கு அங்கே தனி இடம் இல்லை.

எமனும் வந்து சேர்ந்தார்

இந்தியாவில் இது ஒரு தத்துவக் கணக்கு. சீனாவில் அது நீதிமன்றமாக மாறியது. தாங் அரச காலத்தின் பிற்பகுதியில் பத்து அரசர்களைப் பற்றிய ஒரு சூத்திரம் அங்கே பரவியது. துன்ஹுவாங் குகையில் கிடைத்த சுவடிகளில் அந்தப் பத்துப் பேரும் மேசை போட்டு உட்கார்ந்து விசாரிக்கும் படங்களையே காணலாம். ஏழு வாரத்துக்கு ஏழு அரசர்கள், அதற்குப் பிறகு நூறாம் நாள், ஓராண்டு, மூன்றாம் ஆண்டு என்று மூவர். ஐந்தாவது அரசர் நமக்கு வேண்டப்பட்டவர்: யமன். ஜப்பானிய நாக்கில் அவர் என்மா. முப்பத்தைந்தாம் நாள் அவர் முன்னால் நிற்கவேண்டும். செய்ததையெல்லாம் காட்டும் ஒரு கண்ணாடி அவரிடம் இருக்கிறது, அதன் முன் பொய் சொல்ல முடியாது.

ஜப்பானில் இந்த அரசர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தரையோ போதிசத்துவரையோ சேர்த்துவைத்தார்கள். என்மாவுக்கு உரியவர் ஜிஸோ. வழியோரங்களில் சிவப்புத் துணி கட்டிய சின்னக் கற்சிலையாக நிற்பாரே, அவரேதான். சமஸ்கிருதத்தில் க்ஷிதிகர்பர். விசாரிக்கும் கடுமையான முகமும் கைதூக்கிவிடும் முகமும் ஒருவருடையதே என்பதுதான் இந்த இணைப்பின் பொருள். ஏழாவது வாரத்துக்கு உரியவர் மருத்துவப் புத்தரான யகுஷி. தீர்ப்பு முடிவாகும் நாள் அது. குடும்பம் ஊர் கூடி நாற்பத்தொன்பதாம் நாளைப் பெரிதாகச் செய்வது இதனால்தான்.

முன்பெல்லாம் ஏழு வாரமும் பிக்கு வீட்டுக்கு வந்து ஓதுவார். இப்போது பெரும்பாலான வீடுகளில் முதல் ஏழாம் நாள் வழிபாட்டை எரியூட்டும் அன்றே சேர்த்து முடித்துவிடுகிறார்கள். நடுவில் உள்ள வாரங்களில் வீட்டார் மட்டும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். நாற்பத்தொன்பதாம் நாளை மட்டும் பெரும்பாலும் விடுவதில்லை.

புண்ணியத்தை எப்படிக் கொடுப்பது?

புதிதாக வருகிறவருக்குக் குழப்பம் இங்கேதான் வரும். அவரவர் வினை அவரவருக்கு என்பது புத்தரின் போதனை. அப்படியிருக்க, நான் செய்த நன்மையை இன்னொருவர் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

இந்தக் கேள்வியைப் புத்தரிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். பாலி நூலில் வரும் ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் கேட்டார்: "நாங்கள் இறந்த உறவினருக்கென்று தானம் கொடுக்கிறோம். அது அவர்களைச் சேருமா?" உரிய இடத்தில் இருந்தால் சேரும், இல்லாத இடத்தில் இருந்தால் சேராது என்பது பதில். பேய்நிலையில், அதாவது பிரேதநிலையில் இருப்பவர்களுக்குத்தான் அது எட்டும். நரகத்திலோ, விலங்காகவோ, மனிதராகவோ, தேவராகவோ பிறந்துவிட்டால் அவரவர் உலகத்து உணவுதான் அவர்களுக்கு. நாம் நினைக்கும் உறவினர் அங்கே இல்லாவிட்டால்? வேறு உறவினர் யாராவது அங்கே இருப்பார்கள், அவர்களைச் சேரும். கொடுத்தவருக்கும் பலன் வீணாகாது.

அந்த நிலையில் இருப்பவர் அந்த நன்மையைப் பார்த்து மகிழ்கிறார், அந்த மகிழ்ச்சியே அவருக்கு நல்வினை ஆகிறது என்பது தேரவாத விளக்கம். கொடுப்பது, பெறுவது இரண்டுமே மனத்தின் செயல். இலங்கையில் தானம் முடிந்ததும் ஒரு கிண்ணத்துக்குள் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். கிண்ணம் நிறைந்து வழியும்வரை ஊற்றிக்கொண்டே "இதம் மே ஞாதீனம் ஹோது" என்பார்கள். இது என் ஞாதியருக்கு ஆகட்டும் என்று பொருள். தாரை வார்த்துக் கொடுப்பது என்று நாம் சொல்லும் அதே செயல், அதே ஞாதி என்ற சொல். நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஜப்பானில் தண்ணீர் ஊற்றுவதில்லை. அங்கே இதற்கு எகோ என்று பெயர். திருப்பிவிடுதல் என்று சொல்லலாம். வாய்க்காலில் மடை மாற்றி நீரை வேறு வயலுக்கு விடுவோமே, அந்த மாதிரி. சூத்திரம் ஓதுவது, பூவும் விளக்கும் உணவும் படைப்பது, பிக்குவுக்குத் தானம் தருவது எல்லாமே நன்மை. அந்த நன்மை செய்தவருக்கு வரவேண்டியது. ஓதி முடிந்ததும் பிக்கு ஒரு வாசகத்தை நீட்டி வாசிப்பார். இன்ன இன்ன சூத்திரங்களை ஓதினோம், இதில் சேர்ந்த புண்ணியத்தை இன்னாருக்கு, அவருடைய நாற்பத்தொன்பதாம் நாளை முன்னிட்டுத் திருப்புகிறோம் என்று அதில் வரும். மொழி தெரியாத எனக்கே அந்த இடம் பிடிபட்டது. அதுவரை ஒரே சீராகப் போன குரல் இறந்தவரின் பெயரில் ஒரு நொடி நின்று அழுத்திவிட்டுப் போகும். கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்யும்போது நம் காது சட்டென்று விழித்துக்கொள்ளும் அல்லவா? எனக்கு அப்படித்தான் இருந்தது. சத்தம் பழகிய பிறகு நீங்களும் கேட்டுப் பாருங்கள். சடங்கின் மையம் அந்தப் பெயர்தான்.

அங்கே சொல்லப்படும் பெயர் அவர் உயிரோடு இருந்தபோது வைத்திருந்த பெயர் அல்ல. இறந்த பிறகு புத்தரின் சீடராகக் கோயில் கொடுக்கும் தீட்சைப் பெயர். காய்ம்யோ என்பார்கள். வெள்ளை மரப் பலகையில் எழுதியிருந்ததும் அதுதான்.

அதோடு எகோ முடிவதில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஒரு சின்ன வாசகம் தாமரைச் சூத்திரத்திலிருந்து வருகிறது. இந்தப் புண்ணியம் எல்லா இடமும் பரவட்டும், நாங்களும் மற்ற எல்லா உயிர்களும் ஒன்றாகப் புத்தரின் வழியை எட்டுவோமாக என்பது அதன் கருத்து. ஒருவர் பெயரைச் சொல்லித் திறந்த மடையை எல்லோருக்குமாகத் திறந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தச் சடங்கிலேயே மனசுக்கு மிக நெருக்கமான இடம் இது. தன் வீட்டுத் துக்கத்துக்காகக் கூடியவர்கள், முகம் தெரியாத உயிர்களின் பெயரையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இதில் எவ்வளவு அவரைச் சேரும்? ஜிஸோவைப் பற்றிய சூத்திரம் ஒரு கணக்கே சொல்கிறது. இறந்தவருக்காகச் செய்யும் நன்மையை ஏழு பங்காக்கினால் ஒரு பங்குதான் அவருக்குப் போகும், ஆறு பங்கு செய்தவருக்கே. முதலில் கேட்டபோது எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால் நியாயம் புரிகிறது. அவரவர் வினை அவரவருக்கு என்ற அடிப்படையை அந்த ஆறு பங்கு காப்பாற்றுகிறது. அன்பால் ஒன்றும் ஆகாது என்று கைவிட்டுவிடாமல் அந்த ஒரு பங்கு காப்பாற்றுகிறது. இடைக்கால ஜப்பானில் சிலர் ஏழு பங்கும் தங்களுக்கே கிடைக்கட்டும் என்று, உயிரோடு இருக்கும்போதே தங்கள் ஏழு வாரச் சடங்கைத் தாங்களே செய்துகொண்டதும் உண்டு.

நாளை எண்ணுவது

எண்ணும் முறையில் பலரும் தவறுவார்கள். இறந்த நாளையே முதல் நாளாக எண்ணவேண்டும். அந்தப் பெரியவர் இறந்தது 2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. அது ஒன்று என்றால் ஏழாம் நாள் மார்ச் 10, திங்கள். அடுத்தடுத்த ஏழுகளும் திங்கட்கிழமையிலேயே விழும். நாற்பத்தொன்பதாவது ஏப்ரல் 21, திங்கள். எந்தக் கிழமை இறந்தாரோ அதற்கு முந்தைய கிழமையில் எல்லா ஏழாம் நாளும் வரும் என்று நினைவு வைத்துக்கொண்டால் விரல் விட்டு எண்ணவேண்டாம். செவ்வாய் வந்திருந்தால் எங்கோ ஒரு நாள் பிசகிவிட்டது என்று தெரிந்துவிடும். ஒசாகா, கியோத்தோ பக்கம் இறந்ததற்கு முந்தின நாளிலிருந்து எண்ணும் வழக்கமும் இருக்கிறது. அந்தக் கணக்கில் இதுவே ஏப்ரல் 20 ஆகும்.

திங்கட்கிழமை உறவினர் யாரும் வரமுடியாது. அதனால் முந்தைய நாள் ஞாயிறு வைத்தார்கள். முன்னால் நகர்த்தலாம், பின்னால் தள்ளக்கூடாது என்பது பொது வழக்கம். தீர்ப்பு வரும் முன்பே நன்மை போய்ச் சேர்ந்துவிடவேண்டும் அல்லவா?

இன்னொரு பயமும் உண்டு. இறந்த மாதத்தில் தொடங்கி மூன்றாவது மாதத்தில் நாற்பத்தொன்பது வந்தால் ஆகாது என்பார்கள். மார்ச் 20 அன்று இறந்திருந்தால் மே 7 ஆகிவிடும், மூன்று மாதம் தொட்டுவிடும். அப்படி வந்தால் சிலர் முப்பத்தைந்தாம் நாளிலேயே முடித்துவிடுவார்கள். காரணம் வெறும் ஒலி ஒற்றுமை: நாற்பத்தொன்பது மூன்று மாதம் என்பதும், துன்பம் எப்போதும் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதும் ஜப்பானிய மொழியில் ஒரே மாதிரி ஒலிக்கும். சூத்திரத்தில் இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மாதத்தின் பின்பாதியில் இறந்தவர்களுக்கெல்லாம் இப்படித்தான் வரும். பயப்படவேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் முன் அந்த அம்மா கலசப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தைத் தேடினார். எரியூட்டும் இடத்தில் முத்திரை குத்தித் தந்த அனுமதிச் சீட்டு. அது இல்லாமல் கல்லறையில் அஸ்தியை வைக்க விடமாட்டார்கள். பெரும்பாலும் கலசத்தோடு பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருப்பார்கள். அது தெரியாமல் அலமாரியெல்லாம் தேடுகிறவர்கள் உண்டு.

கோயிலில் புதிய பெயர்ப்பலகை ஒன்று தயாராக இருந்தது. இஹாய் என்று சொல்வார்கள். கறுப்பு அரக்குப் பூசி, பொன்னெழுத்தில் தீட்சைப் பெயர் பொறித்தது. வெள்ளை மரப் பலகை நாற்பத்தொன்பது நாளுக்கு மட்டும். அன்றோடு அதைக் கோயிலிலேயே ஒப்படைத்துவிடவேண்டும். எழுத்துப் பொறிக்க இரண்டு வாரம்வரை ஆகும் என்பதால் முன்கூட்டியே கொடுத்தாகவேண்டும். அந்த அம்மா கடையிலிருந்து வந்த மாதிரிப் பிரதியை வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்ததை நான் பார்த்தேன். ஒரே எழுத்துக்குப் பழைய வடிவம், புதிய வடிவம் என்று இரண்டு இருக்கும். பிழையோடு பொறித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டியதுதான்.

பிக்கு வந்து உட்கார்ந்ததும் மணி ஒலித்தது. இதய சூத்திரம் தொடங்கியது. நடுவில் ஒவ்வொருவராக எழுந்துபோய்ப் பொடித்த வாசனைத் தூளைத் தணலில் இடவேண்டும். சோத்தோ பிரிவில் இரண்டு சிட்டிகை. முதல் சிட்டிகையை மூன்று விரலால் எடுத்து நெற்றிவரை உயர்த்திவிட்டு இடுவார்கள். இரண்டாவதை உயர்த்தாமல் அப்படியே இடுவார்கள். மற்றப் பிரிவுகளில் எண்ணிக்கை மாறும். தெரியாவிட்டால் முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்தால் போதும், நானும் அப்படித்தான் செய்தேன்.

ஓதி முடிந்ததும் எகோ. மேலே சொன்ன அந்தப் பெயர். அந்த அம்மா அப்போது தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.

பிறகு கல்லறைக்கு நடந்தோம். கல்லின் அடியில் உள்ள சிறிய கதவைத் திறந்து கலசத்தை உள்ளே வைத்தார்கள். கல்லுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலான மெல்லிய மரப்பலகைகள் நிறுத்தப்பட்டிருந்தன. சோதோபா என்று பெயர். ஸ்தூபம் என்ற சொல்தான் அப்படி ஆகியிருக்கிறது. மேல் முனையில் வெட்டியிருக்கும் ஐந்து வடிவங்கள் நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி. நம் ஐம்பூதங்கள்தான். ஸ்தூபம் எழுப்புவது பெரும் புண்ணியம். கல்லில் கட்ட எல்லோராலும் முடியாது, அதனால் ஒரு பலகை. அதில் இறந்தவரின் தீட்சைப் பெயரும், நாற்பத்தொன்பதாம் நாளுக்காக என்பதும், யார் கொடுத்தது என்பதும் எழுதியிருக்கும். மகன் பெயரில் ஒன்று, மகள் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று. எகோ காதால் கேட்பது என்றால் இது கண்ணால் பார்ப்பது. ஒவ்வொன்றும் பிக்கு கையால் எழுதவேண்டியது, அதனால் முன்பே சொல்லி வைக்கவேண்டும். ஒரு பலகைக்கு மூவாயிரம் யென்னிலிருந்து பத்தாயிரம்வரை ஆகும். வெயிலிலும் மழையிலும் சில வருஷங்களில் அது மக்கிப்போகும்.

பிக்குவுக்குக் கொடுப்பது ஒஃபுசே. தானம் என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு அது. இந்த வழிபாட்டுக்கு முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் யென்வரை கொடுப்பது பொதுவான வழக்கம். கையில் நேராக நீட்டாமல் சின்னத் தட்டில் வைத்து நகர்த்துவார்கள். கூலி என்று நினைத்துவிடக்கூடாது. பிக்குவுக்குத் தானம் தருவதும் அன்று சேரும் நன்மைகளில் ஒன்று, அதுவும் எகோவில் அடக்கம்.

விருந்தினராக நீங்கள் போனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பணம் வைக்கும் உறையின் மேல் எழுதும் சொல். இறப்புச் சடங்குக்குப் போகும்போது உறைமேல் "ஆவியின் முன்" என்ற பொருளில் எழுதுவது வழக்கம். நாற்பத்தொன்பதாம் நாளிலிருந்து "புத்தரின் முன்" என்று மாற்றி எழுதவேண்டும். இடைநிலையில் அலைந்த ஆவி அன்று புத்தராகிறார் என்ற நம்பிக்கை முழுதும் அந்த ஓர் எழுத்து மாற்றத்தில் இருக்கிறது. எந்த உறையை வாங்குவது என்று கடையில் தடுமாறி நின்ற எனக்கு இதை விளக்கியவர் அங்கிருந்த விற்பனைப் பெண்.

இதை ஏற்காத பெரிய பிரிவு

ஜப்பானியப் பௌத்தர்கள் எல்லோரும் இப்படித்தான் நம்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாட்டின் மிகப்பெரிய பிரிவுகளில் ஒன்றான ஜோதோ ஷின்ஷு இதை ஏற்பதில்லை. அமிதாப புத்தரின் அருளால் இறந்தவர் அப்போதே தூய நிலம் என்ற அந்தப் புத்தரின் உலகில் பிறந்துவிடுகிறார். அலைவதும் இல்லை, விசாரணையும் இல்லை. நாம் அனுப்பும் புண்ணியம் அவருக்குத் தேவையும் இல்லை. அந்தப் பிரிவைத் தொடங்கிய பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஷின்ரான், தம் தாய் தந்தையருக்குப் புண்ணியம் சேர்ப்பதற்காகத் தாம் ஒருமுறைகூடப் புத்தரின் பெயரைச் சொன்னதில்லை என்று கூறியதாக அவர் சீடர் எழுதிவைத்திருக்கிறார். தம் முயற்சியால் சேர்த்துவைத்த நன்மை என்று ஒன்று இருந்தால்தானே அதைத் திருப்பிவிட முடியும் என்பது அவர் வாதம். அன்பு இல்லாமல் சொன்னதல்ல அது. எல்லா உயிர்களும் ஏதோ ஒரு பிறவியில் தாயும் தந்தையுமாக இருந்தவர்களே என்று அதே இடத்தில் சொல்கிறார்.

ஆனாலும் அந்தப் பிரிவு வீடுகளிலும் நாற்பத்தொன்பதாம் நாள் நடக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் தர்மம் கேட்கவும் நன்றி சொல்லவும் கூடும் நாளாக. அங்கே ஸ்தூபப் பலகை கிடையாது, உறையில் முதல் நாளிலிருந்தே "புத்தரின் முன்" என்றுதான் எழுதவேண்டும், வாசனைத் தூளை நெற்றிக்கு உயர்த்துவதும் இல்லை. எந்தப் பிரிவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவருக்கும் ஓர் இலை போட்டார்கள். இலை என்று பழக்கத்தில் சொல்கிறேன், தட்டும் கிண்ணங்களும்தான். அவருடைய படம் எதிரே. அந்த அம்மா அவர் கிண்ணத்து மூடியைத் தாமே திறந்துவைத்தார்.

மாலை வீட்டுக்குத் திரும்பியதும் வெள்ளைப் படிமேடையைக் கழற்றினோம். துணியை மடிக்க நான் ஒரு முனையைப் பிடித்தேன். கலசம் இருந்த இடத்தில் துணியில் ஒரு வட்டம் பதிந்திருந்தது. கறுப்புப் பெயர்ப்பலகை வீட்டுப் பூஜை அலமாரிக்குள், அவருடைய அப்பா அம்மாவின் பலகைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சுருள் ஊதுபத்திகள் மீதம் மூன்று இருந்தன. அவற்றைப் பெட்டியோடு மேல்தட்டில் வைத்துவிட்டு, சாதாரண ஊதுபத்தி ஒன்றை எடுத்து ஏற்றினார். "இனி ராத்திரி தூங்கலாம்" என்றார்.